வெல்ல டீ குடித்தால் ரத்தம் ஊறுமா?

போன மாதம் பள்ளியில் ரத்தம் பரிசோதித்தார்கள். எனக்கு ஹீமோகுளோபின் 11.2. பன்னிரண்டாவது இருக்கணுமாம். அன்றைக்கே எங்க ஆயா சீனி டப்பாவை ஒளித்து வைத்துவிட்டது. "இனிமே வெல்ல டீதான். வெல்லத்துல இரும்பு இருக்குது, ரத்தம் ஊறும்"னு சொல்லிச்சு. அதை நம்பி நர்ஸ் அக்கா தந்த மாத்திரையை ஒரு வாரம் நான் தொடவே இல்லை.

இரும்பு இருப்பது நிஜம்தான். ஆலையில் சீனியைப் படிகமாகப் பிரிக்கும்போது தாது உப்பெல்லாம் கழிவுப்பாகோடு போய்விடும். கடகத்தூரில் கரும்புச்சாற்றைக் கொப்பரையில் காய்ச்சி அப்படியே கட்டியாக்குவதால் வெல்லத்தில் அது தங்குகிறது. ஆனால் எவ்வளவு? ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் வெல்லத்தில் 4.6 மில்லிகிராம். இரண்டு வேளை டீக்கும் நான் போடுவது 20 கிராம். அதில் ஒரு மில்லிகிராம்கூட வராது. நம் வயசுக்கு தினமும் சுமார் 30 வேணும். அப்படின்னா அரை கிலோவுக்கு மேல் வெல்லம் தின்னணும்! இதில் டீ வேறு இரும்பை உடம்பில் சேர விடாது. கருப்பட்டியையும் ஸ்பூன் கணக்கில்தானே போடுகிறோம்?

அதே அட்டவணையில் கேழ்வரகுக்கும் 4.6 தான். ஆனால் களிக்கு 150 கிராம் மாவு போட்டால் 7 மில்லிகிராம் ஆச்சு. எல்லாம் உடம்பில் சேராது, கூடவே நெல்லிக்காய் தின்றால் கொஞ்சம் அதிகம் சேரும். பள்ளியில் வாராவாரம் தரும் நீல மாத்திரையில் 60 இருக்கிறது. அதைத்தான் சன்னல் வழியா எறியுறோம். (நானும்தான்.)

கடலை உருண்டைக்கு வெல்லம்தான் ருசி, அதை நான் விடமாட்டேன். என் கவலை தாத்தாதான். சர்க்கரை நோய் இருந்தும் "வெல்லம்தானே"ன்னு மூணு டீ குடிக்கிறார். வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான் தாத்தான்னா, கேட்கவே மாட்டேங்கிறார்.