கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியது: வேலை எங்கே நடந்தது?

கோயம்புத்தூரில் உட்கார்ந்து அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு இணையதளம் வடிவமைத்துத் தரும் ஃப்ரீலான்ஸரை எடுத்துக்கொள்வோம். முதல் பில்லை அனுப்பியதும், பணத்துக்குப் பதிலாக W-8BEN என்ற ஒரு பக்கப் படிவம் வருகிறது. அமெரிக்க வருமான வரித் துறையின் பெயர் மேலே இருக்கும். பொய் சொன்னால் தண்டனை உண்டு என்ற வாசகம் கையெழுத்துக்கு மேலே இருக்கும். இதைப் பார்த்ததும் சிலர் அமெரிக்காவுக்கும் வரி கட்ட வேண்டுமோ என்று பயப்படுகிறார்கள். இன்னும் சிலர் எல்லாக் கட்டங்களையும் நிரப்பி, படிக்காமலே கையெழுத்திட்டு அனுப்பிவிடுகிறார்கள். இரண்டுமே தேவையற்றவை. இந்தப் படிவம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்துப் பார்த்தால் போதும். எந்தக் கட்டத்தை நிரப்புவது, எதைக் காலியாக விடுவது என்பது தெளிவாகிவிடும்.

முதலில், இது ஏன் கேட்கப்படுகிறது? அமெரிக்காவில் எழும் சில வகை வருமானத்தை வெளிநாட்டவருக்குக் கொடுக்கும்போது, 30 சதவீதத்தைப் பிடித்து அரசுக்குக் கட்டும் பொறுப்பு பணம் கொடுப்பவருடையது. பிடிக்கத் தவறினால் அந்தத் தொகையை அவரே கட்ட நேரலாம். எனவே, பணம் பெறுபவர் அமெரிக்கரா வெளிநாட்டவரா என்பதற்கு ஓர் ஆதாரத்தைக் கோப்பில் வைத்துக்கொள்ள அந்த நிறுவனம் விரும்புகிறது. படிவத்தை அமெரிக்க வரித் துறைக்கு நாம் அனுப்புவதில்லை; வாடிக்கையாளரிடம்தான் கொடுக்கிறோம். பொதுவாக, கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாவது ஆண்டின் கடைசி நாள்வரை அது செல்லும். 2026 மார்ச்சில் கையெழுத்திட்டால் 2029 டிசம்பர் 31 வரை. இது நாமே தரும் உறுதிமொழிதான். இந்திய வருமான வரித் துறை வழங்கும் வரி வசிப்பிடச் சான்றிதழ் வேறு. அதற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

படிவத்தின் முதல் பகுதி பெயர், குடியுரிமை, நிரந்தர முகவரி, வரி எண், பிறந்த தேதி ஆகியவற்றைக் கேட்கிறது. நாம் அமெரிக்க வரிச் சட்டத்தின் கணக்கில் வெளிநாட்டவர் என்பதற்கு அது அடித்தளம். இரண்டாம் பகுதி, இந்திய - அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் சலுகையைக் கோருபவர்களுக்கானது. ‘நான் இந்த நாட்டில் வரி வசிப்பிடம் உள்ளவர்’ என்ற உறுதிமொழி அங்கேதான் வருகிறது. பலர் தடுமாறுவதும் அங்கேதான். சேவைக்கான கட்டணத்துக்கு அமெரிக்கச் சட்டம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வேலை எங்கே செய்யப்பட்டது? வாடிக்கையாளர் டெக்சாஸில் இருக்கலாம், பணம் நியூயார்க் வங்கியிலிருந்து வரலாம். வேலை முழுவதும் கோயம்புத்தூரில் நடந்திருந்தால் அந்த வருமானம் அமெரிக்காவில் எழுந்ததல்ல. எனவே, 30 சதவீதம் பிடிக்க இடமே இல்லை. பிடிக்கவே இடமில்லாத வரிக்குச் சலுகை கேட்க வேண்டியதும் இல்லை. இந்த நிலையில் இரண்டாம் பகுதியைக் காலியாக விடுவதே சரி.

ஆனால், வேலை எங்கே நடந்தது என்று கேட்கும் கட்டம் இந்தப் படிவத்தில் எங்குமே இல்லை. முடிவைத் தீர்மானிக்கும் தகவல் படிவத்துக்கு வெளியே இருக்கிறது. அதனால்தான் எச்சரிக்கை மிகுந்த கணக்குப் பிரிவுகள், படிவம் கைக்கு வந்த பின்னும் 30 சதவீதத்தைப் பிடித்துவிடுகின்றன. இதைத் தவிர்க்க, ஒப்பந்தத்திலும் ஒவ்வொரு பில்லிலும் ‘சேவை முழுவதும் இந்தியாவில் செய்யப்பட்டது’ என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. வாடிக்கையாளரின் அலுவலகத்துக்கே போய் இரண்டு வாரம் வேலை செய்தால் அந்தப் பகுதிக்குக் கணக்கு மாறும். அந்தக் கட்டணத்துக்கு ஒப்பந்தச் சலுகை கோர 8233 என்ற வேறு படிவம் இருக்கிறது.

இரண்டாம் பகுதி உண்மையிலேயே தேவைப்படும் இடமும் உண்டு. அதே வடிவமைப்பாளர் இணையதளத்துக்கு 2,000 டாலர் வாங்குகிறார். கூடவே, தான் உருவாக்கிய எழுத்துருவை அமெரிக்காவில் பயன்படுத்தும் உரிமைக்குத் தனியாக 1,000 டாலர் வாங்குகிறார். முதலாவது சேவைக் கட்டணம்; அமெரிக்காவில் வரி இல்லை. இரண்டாவது ராயல்டி. உரிமை அமெரிக்காவில் பயன்படுவதால் அது அங்கே எழும் வருமானம். ஒன்றும் கோராவிட்டால் 300 டாலர் பிடிக்கப்படும். ஒப்பந்தத்தின் 12-ஆவது பிரிவைக் குறிப்பிட்டு 15 சதவீதம் என்று நிரப்பினால் 150 டாலர்தான். இந்தச் சலுகையைக் கோர வரி எண் தேவை. நம் பான் எண்ணைத் தரலாம். ஆண்டு முடிந்து நிறுவனம் தரும் 1042-S படிவத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே பிடித்த வரியை இந்தியாவில் கட்ட வேண்டிய வரியில், வரம்புக்கு உட்பட்டு, கழித்துக்கொள்ள அதுதான் ஆதாரம். ஆகவே, சேவையையும் உரிமையையும் ஒரே தொகையாகப் பில்லில் எழுதாமல் பிரித்து எழுத வேண்டும்.

‘வாடிக்கையாளர் எதை அனுப்புகிறாரோ அதில் கையெழுத்திட்டால் போகிறது’ என்பது பலரும் சொல்வது. சிறிய நிறுவனங்கள் பழக்கத்தில் எல்லோருக்கும் W-9 படிவத்தை அனுப்பிவிடுவதுண்டு. அது அமெரிக்க வரிச் சட்டப்படி அமெரிக்கராகக் கருதப்படுபவருக்கானது. அதில் கையெழுத்திடும் இந்தியர் பொய் உறுதிமொழி தருகிறார். வேண்டாம் என்று சொல்லி W-8BEN-ஐத் தருவதே சரி. பணம் பெறும் செயலி ஒன்று கொடுத்த அமெரிக்க முகவரியை நிரந்தர முகவரிக் கட்டத்தில் போடுவது இன்னொரு தவறு. வெளிநாட்டவர் என்று சொல்லிவிட்டு அமெரிக்க முகவரி தந்தால் படிவமே நம்பகம் இழக்கும். உண்மையில் வசிக்கும் வீட்டு முகவரிதான் அங்கே வர வேண்டும்.

‘பான் எண்ணை அந்நிய நிறுவனத்திடம் கொடுப்பது ஆபத்தல்லவா?’ என்ற தயக்கம் நியாயமானது. இந்தப் படிவத்தின் பெயரில் மோசடி நடப்பதாக அமெரிக்க வரித் துறையே எச்சரித்திருக்கிறது. அடையாளம் காண்பது எளிது. உண்மையான படிவம் பாஸ்போர்ட் எண்ணையோ, தாயின் கன்னிப் பெயரையோ, வங்கிக் கணக்கின் ரகசிய எண்ணையோ கேட்காது. கேட்டால் அது போலி. படிவத்தை அமெரிக்க வரித் துறையின் தளத்திலிருந்து நாமே இறக்கி, ஒப்பந்தத்தில் உள்ள தொடர்புக்கு மட்டும் அனுப்பலாம்.

கடைசியாக, மிகப் பெரிய விலை கொடுக்க வைக்கும் எண்ணம்: ‘அங்கே பிடிக்கவில்லை, எனவே வரி இல்லை.’ இந்தியாவில் சாதாரணமாக வசிப்பவர், உலகில் எங்கிருந்து சம்பாதித்தாலும் இங்கே வரிக்கு உட்பட்டவர். வெளிநாட்டுப் பணம் வங்கிக்கு வரும்போதே அதன் நோக்கக் குறியீடு பதிவாகிறது. இங்கும் யாரும் முன்கூட்டிப் பிடிக்காததால், ஆண்டுக்கு வரி 10,000 ரூபாயைத் தொட்டால் முன்வரி கட்டும் கடமை நம் தலையில்தான் விழுகிறது. ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15-ஆம் தேதிகள் அதற்கான தவணைகள். அனுமான முறையில் வருமானம் காட்டுபவர் முழுவதையும் மார்ச் 15-க்குள் கட்டலாம். தவறினால் வட்டி. அமெரிக்காவில் பூஜ்யம் என்று எழுதப்படும் ஒவ்வொரு பில்லும் இந்தியாவில் முழு வரிக்கு உரியது. படிவத்தை அனுப்பும் அன்றே, வரும் தொகையில் ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.