நாக்குக்குக் கிடைக்கும் பொய்ப் புகழ்

பெங்களூரு காந்தி பஜாரில் ஃபில்டர் காபி குடித்துவிட்டு வருகிறவரைக் கேட்டால், "ருசி நாக்கிலேயே நிற்கிறது" என்பார். கல்யாணப் பந்தியில் சாம்பாரைக் குறை சொல்லும் பெரியவரும், தொலைக்காட்சிச் சமையல் போட்டியின் நடுவரும் ருசியை நாக்கின் சொத்தாகத்தான் பேசுகிறார்கள். இதைப் பேச்சு வழக்கென்று விட்டுவிடலாம்தான். ஆனால் நோயாளியும் அப்படியே நம்பி, இல்லாத இடத்தில் கோளாறைத் தேடும்போது விட்டுவிட முடியாது.

சோதிப்பது எளிது. மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் காபி குடிக்க வேண்டும். கசப்பு தெரியும், சர்க்கரையின் இனிப்பு தெரியும், சூடு தெரியும். காபி தெரியாது. பிடித்த கையை எடுத்து மூச்சை வெளியே விட்டதும், வறுத்த கொட்டையின் மணத்தோடு காபி வந்து சேரும். இத்தனைக்கும் வாயிலிருந்த திரவம் மாறவே இல்லை.

நாக்கு அடையாளம் காண்பவை இனிப்பு, கசப்பு, உப்பு, புளிப்பு, உமாமி என்ற சில அடிப்படைச் சுவைகள்தான். இவற்றில் கசப்புக்கு மட்டும் மனிதரிடம் சுமார் 25 வகை ஏற்பிகள் உண்டு. மூக்கிலோ ஏறத்தாழ 400 வகை. விழுங்கும்போதும் மூச்சு விடும்போதும் வாயிலுள்ள மணத் துகள்கள் தொண்டையின் பின்வழியாக மூக்கின் மேற்கூரைக்கு ஏறுகின்றன. அங்கே ஒவ்வொரு நரம்புச் செல்லும் பெரும்பாலும் ஒரே வகை ஏற்பியைத்தான் வைத்திருக்கிறது. அதில் துகள் பொருந்தியதும் செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூது மூலக்கூறு பெருகுகிறது; சவ்வில் உள்ள வாய்க்கால்கள் திறக்கின்றன; கால்சியமும் சோடியமும் உள்ளே பாய்கின்றன; மின்துடிப்பு மூளைக்குப் போகிறது. எந்தெந்தச் செல்கள் சேர்ந்து துடித்தன என்பதை வைத்தே மூளை ஒரு மணத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்கிறது.

நாக்கின் செய்தியும் மூக்கின் செய்தியும் தனித்தனி வழியில் மூளைக்குப் போய், கண்ணுக்கு மேலே நெற்றிப் பகுதியிலுள்ள ஆர்பிட்டோஃப்ரன்டல் புறணி போன்ற இடங்களில் கலக்கின்றன. வாயில் பட்ட சூடும் தொடுகையும் அதே கணத்தில் வந்து சேர்வதால், இவையெல்லாம் வாயில்தான் நடக்கின்றன என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. நாக்குக்குப் புகழ் வாங்கிக் கொடுத்தது இந்த இடக்கணக்குப் பிழைதான்.

"மூக்கு மரத்துப்போச்சு" என்பதும் இதே ரகம். காபித்தூள் அரைக்கும் கடைக்குள் நுழைபவருக்கு மணம் ஆளைத் தூக்கும். கல்லாவில் இருப்பவருக்கோ ஒன்றும் தெரியாது. மூக்கு இதில் ஒரு பங்கு செய்வது உண்மை. உள்ளே வந்த கால்சியமே கால்மாடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து அந்த வாய்க்கால்களின் கூருணர்வைக் குறைக்கிறது. ஆனால் இது சில நொடிகளில் தொடங்கும் தற்காலிகத் தளர்வு. பல நாள் பழக்கத்தை இதைக்கொண்டு விளக்க முடியாது.

அதற்கான விளக்கத்தின் ஒரு பகுதி பெங்களூரிலேயே கிடைத்தது. பெல்லாரி சாலையிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தை நிறுவிய ஒபைத் சித்திக்கி, மும்பையில் இருந்தபோதே தம் மாணவி வெரோனிகா ரோட்ரிக்ஸோடு பழ ஈக்களின் மணவுணர்வையும் சுவையுணர்வையும் மரபணு வழியே ஆராய்ந்தவர். ரோட்ரிக்ஸும் மணி ராமஸ்வாமியும் பங்கேற்ற குழு 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரு மணத்தை அரை மணி நேரமோ நான்கு நாட்களோ நுகர்ந்த ஈக்கள் அதைப் பொருட்படுத்துவதை வெகுவாகக் குறைத்துக்கொண்டன. காரணத்தைத் தேடியபோது, ஈயின் மூளையில் மணச்செய்தி முதலில் வந்து சேரும் பகுதியில் உள்ள தடுப்பு நரம்புகளின் இணைப்பு வலுப்பட்டிருந்தது. மரத்துப்போனதாகச் சொல்லப்படுவது, உண்மையில் மூளை கற்றுக்கொண்டு போட்ட தடை. ஈயில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது; ஆனால் பழியை முழுக்க மூக்கின் மேல் போடுவதற்கு இனி இடமில்லை.

ருசி நாக்கில்தான் இருக்கிறது என்ற நம்பிக்கையின் விலை 2020, 2021-ல் தெரிந்தது. கோவிட் வந்த பலர் "நாக்கு செத்துப்போச்சு" என்றார்கள். நாக்கைச் சுரண்டினார்கள், ஊறுகாயும் மிளகாயும் கூட்டிப் பார்த்தார்கள். மிளகாய் எரிந்தது, ஏனென்றால் எரிச்சல் வேறு நரம்பின் வேலை. வைரஸ் முதலில் தாக்கியது மூக்கின் கூரையில் மண நரம்புகளைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களை. சிலருக்கு நாக்கின் சுவையும் குறைந்தது என்பதால், எல்லாரையும் ஒரே கணக்கில் சேர்க்கவும் முடியாது.

பிரித்தறியும் வழி வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு சர்க்கரைக் கரைசலையும் உப்புக் கரைசலையும் தனித்தனியே நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் சரியாகத் தெரிந்து, காபித்தூளை முகர்ந்தால் மட்டும் ஒன்றும் தெரியவில்லை என்றால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் "வாயில் ருசி இல்லை" என்று சொல்வதைவிட "மணம் தெரியவில்லை" என்று சொல்வதே சரி.