பழைய லேப்டாப்பைத் தூசி தட்டச் சொல்லாதீர்கள்



வீடியோ எடிட்டிங் கற்க ஆசைப்படுகிறவர்களிடம் நம்மில் பலர் சொல்வது ஒன்றுதான்: "மொபைல் ஆப் எல்லாம் விளையாட்டு. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முறையாகக் கற்றுக்கொள்." பழைய கருவி வைத்திருப்பவருக்கு இது தவறான அறிவுரை என்பதே என் வாதம்.

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி திருமுல்லைவாயில் வீட்டுக்கு வந்தாள். அக்காவின் வளைகாப்பை மொபைலில் 20 நிமிடம் எடுத்திருந்தாள். அதை 5 நிமிடமாகச் சுருக்க வேண்டும். அவளிடம் இருந்தது பிளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப். 2011 செப்டம்பரில் நம் மாவட்டத்துக் காக்களூரில் தொடங்கிய திட்டத்தில் வந்தது, ரேம் 2 ஜிபி. யாரோ சொன்னார்களென்று டாவின்சி ரிசால்வைப் போட முயன்றாள். அதற்கு 16 ஜிபி ரேம் வேண்டும் என்கிறார்கள், ஏறவே இல்லை. எளிய மென்பொருள் ஒன்றில் போட்டால் ஒலி ஓடுகிறது, படம் நின்று நின்று வருகிறது. நாலு நாள் போராடி, "எனக்கு இது வராது டீச்சர்" என்றாள்.

குறை அவளிடம் இல்லை. அவள் போன் HEVC முறையில் பதிவு செய்கிறது. அதை விரித்துக் காட்டத் தனிச் சுற்று 2011 லேப்டாப்பில் கிடையாது. எல்லாவற்றையும் பிராசஸரே சுமக்க வேண்டும். போனில் அந்தச் சுற்று உண்டு. தான் எடுத்த படத்தை ஓட்டவும் வெட்டவும் அதற்குத் தெரியும். 3 ஜிபி ரேம் உள்ள அதே போனில் ஒரே மாலையில் முடித்தாள்.

ஆப்களிலும் பொறிகள் உண்டு. இலவசம் என்பார்கள், முடிவில் முத்திரை விழும். அதனால் முதலில் 10 வினாடித் துண்டை எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். சாதாரண 1080p வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 130 எம்பி வரை பிடிக்கும். 20 நிமிடத்துக்கு 2.6 ஜிபி. அதோடு முடிந்த படத்துக்கும் இடம் வேண்டும். 5 ஜிபியாவது காலி இருக்கட்டும். இடம் போதவில்லையென்று கேலரியில் மூலத்தை அழித்தால், பாதி வேலையில் காட்சி காணாமல் போகும். ஒரு ஆப்பின் டிராஃப்ட் இன்னொன்றில் திறக்காது. 2020 ஜூன் 29 அன்று தடை செய்த 59 ஆப்களில் டிக்டாக்கோடு விவாவீடியோ என்ற எடிட்டிங் ஆப்பும் இருந்தது மறந்துவிட்டதா? முடித்த படத்தையும் மூலத்தையும் பென்டிரைவில் ஏற்றிவிடுங்கள்.

கம்ப்யூட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் போன் வீடியோவை அதில் ஓட்டிப் பாருங்கள். தடங்கலில்லாமல் ஓடி, ரேமும் 8 ஜிபி இருந்தால், ஷாட்கட் போட்டு 'Proxy' வசதியை இயக்குங்கள். நீளமான படத்துக்கு அதுவே நல்லது. திக்கினால் மூடி வைத்துவிட்டுப் போனை எடுங்கள்.

எங்கே வெட்டுவது என்று கற்க வந்த பிள்ளையை, திணறும் மெஷினோடு மல்லுக்கட்ட விடாதீர்கள்.