மணிக்கட்டில் வானலை: அஞ்ச வேண்டுமா?

பள்ளியிலிருந்து தனியே வரும் பிள்ளை எங்கே நிற்கின்றது என்று அறிவதற்காகத் தொலைபேசி வசதியுள்ள கைக்கடிகாரத்தை நாமே வாங்கிக் கட்டி விடுகின்றோம். பின்னர், அதிலிருந்து வரும் கதிர்கள் நோய் தந்துவிடுமோ என்று நாமே கலங்குகின்றோம். இக்கலக்கத்தில் நியாயம் எவ்வளவு என்று பார்ப்போம்.

அச்சத்தின் வேர் 'கதிர்' என்ற சொல்லிலேயே இருக்கின்றது. எக்ஸ் கதிருக்கு உயிரணுவின் மூலக்கூறுகளை உடைக்கும் ஆற்றல் உண்டு; வானலைக்கு அவ்வாற்றல் இல்லை. திசுவைச் சிறிது சூடாக்குவதே அதனால் ஏற்படுவதாக உறுதிப்பட்ட விளைவு. ஆகவே, எவ்வளவு சூடு என்பதே கேள்வி.

புளூடூத் மட்டும் உள்ள கடிகாரம் பெரும்பாலும் 10 மில்லிவாட்டுக்கு உட்பட்ட திறனிலேயே அலை அனுப்புகின்றது. தொலைபேசி வசதியுள்ள கடிகாரமோ, கைத்தொலைபேசியைப் போலவே, ஏறத்தாழ 200 மில்லிவாட் வரை செல்லக்கூடும். ஆனால் அது எப்போதும் அவ்வுச்சத்தில் இயங்குவதில்லை. கோபுரத்தின் சமிக்ஞை நலிந்த இடத்தில்தான் திறனைக் கூட்டுகின்றது. கைத்தொலைபேசி அருகில் இருந்தால், பல கடிகாரங்கள் புளூடூத் வழியே அதனுடன் மட்டும் பேசிக்கொள்கின்றன. கை, கால்களில் 10 கிராம் திசுவின் சராசரியாக, கிலோவுக்கு 4 வாட் என்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள எல்லை. தீங்கு தோன்றும் அளவுக்கு வெகு கீழே அது வகுக்கப்பட்டுள்ளது.

2011ஆம் ஆண்டில் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வானலைகளைப் 'புற்றுநோய் தரக்கூடும்' என்னும் 2பி பிரிவில் வைத்தது உண்மையே. அப்பிரிவு சான்று போதாமையைக் குறிக்குமேயன்றித் தீங்கு நிறுவப்பட்டதைக் குறிக்காது; முழுக் கற்றாழை இலையின் சாறும் பின்னர் அதே பிரிவில் சேர்ந்தது. உலகச் சுகாதார நிறுவனத்திற்காக நிகழ்ந்து 2024இல் வெளிவந்த பெரிய மீளாய்வு, கைத்தொலைபேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. அது காதில் வைத்துப் பேசும் கருவியைப் பற்றியது. மணிக்கட்டோ மூளையிலிருந்து இன்னும் தொலைவில் உள்ளது.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. சில கடிகாரங்களிலும், அவற்றை மின்னேற்றும் தட்டுகளிலும் வலிய காந்தம் உண்டு. இதயமுடுக்கி பொருத்திய தாத்தாவோ பாட்டியோ கடிகாரம் கட்டிய கையை மார்பின் மீது வைத்து உறங்கினால், அக்காந்தம் கருவியின் வழக்கமான இயக்கத்தை மாற்றிவிடக்கூடும். அதிர்ச்சி கொடுத்து இதயத்தை மீட்கும் கருவியாயின், அச்செயலே தடைபடலாம். 15 சென்றிமீற்றர் இடைவெளி வேண்டுமென அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021இல் அறிவுறுத்தியது. காந்தம் விலகியதும் கருவி பெரும்பாலும் வழமைக்குத் திரும்பிவிடும். மயக்கமோ படபடப்போ தோன்றினால் மருத்துவரை நாட வேண்டும்.

ஆகவே, பிள்ளையின் கையிலுள்ள வானலைக்கு அஞ்சிக் கடிகாரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. பாட்டியின் மார்பருகே அதனை வைக்காதிருப்பதே வேண்டுவது என்பது எமது கருத்து.