மனைவி உயரும்போது கணவர் ஏன் குறுகிப்போகிறார்?

லாச்சப்பலைச் சுற்றி வளர்ந்த பாரிஸ் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் தொடக்கம் ஏறத்தாழ ஒன்றுதான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் முதலில் ஆண் வந்தார். அகதி விண்ணப்பம், உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை, பிறகு சமையலறையில் ஓர் இடம் என்று காலூன்றி, விசா கையில் கிடைத்ததும் மனைவியைக் கூப்பிட்டார். அவர் வந்திறங்கியபோது வங்கி, வீட்டு வாடகை, நகரசபைக் கடிதம், பிரெஞ்சில் பேச வேண்டிய எல்லாமே கணவரின் கையில் இருந்தன. ஆனால் பிரான்சில் உதவித் தாதியாக மூன்றாண்டு வேலை செய்தவர் தாதியர் பள்ளியில் சேரலாம். மேலும் மூன்றாண்டு படித்துத் தாதியாகலாம். பின்னர் ஒரு பிரிவின் பொறுப்பாளராகவும் உயரலாம். மனைவி இந்த வழியில் ஏறும்போது, அதே சமையலறையில் நிற்கும் கணவர் மனதுக்குள் சிறுத்துப்போகிறார். “அவருக்கென்ன, மனுசி உழைக்கிறா” என்று கடைத்தெருவில் யாராவது சொன்னால் அது பாராட்டாக அவர் காதில் விழுவதில்லை.

இதை வெறும் பொறாமை என்று ஒதுக்குவது தவறு என்பதே என் வாதம். அவரைச் சுருக்குவது மனைவியின் சம்பளம் அல்ல. ‘கூப்பிட்டவர்’ என்ற இடம் கைநழுவுவதுதான். பாத் பல்கலைக்கழகத்தின் ஜோவானா சிர்டா, சுமார் 6,000 அமெரிக்கத் தம்பதிகளின் தரவுகளை ஆராய்ந்து 2019-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வீட்டு வருமானத்தில் மனைவியின் பங்கு 40 சதவீதமளவில் இருக்கும்போது கணவரின் மன உளைச்சல் மிகக் குறைவாக இருந்தது. அதைத் தாண்டியதும் ஏறியது. ஆனால் திருமணத்தின்போதே மனைவி அதிகம் சம்பாதித்த வீடுகளில் அந்த ஏற்றம் காணப்படவில்லை. தொகை மட்டுமே காரணமென்றால் இந்த வேறுபாடு வந்திருக்காது. தொடக்கத்தில் பேசியும் பேசாமலும் ஏற்றுக்கொண்ட ஏற்பாடு நடுவழியில் மாறுவதுதான் உறுத்துகிறது.

இந்த மாற்றத்தைக் கணவரின் சம்பளச் சீட்டே அவருக்குக் காட்டிய காலமும் உண்டு. பிரான்சில் மணமானவர்கள் வருமானவரியைச் சேர்ந்தே அறிவிக்கிறார்கள். படிவத்தில் இருவருக்கும் அடுத்தடுத்து இரண்டு பத்திகள். சம்பளத்தில் வரி பிடிக்கும் விகிதம், தம்பதி வேறு விதமாகக் கேட்காவிட்டால், குடும்பம் முழுவதற்கும் ஒன்றாகவே இருந்தது. மனைவியின் சம்பளம் கூடினால் கணவரின் சீட்டிலும் பிடித்தம் கூடும். தன் வேலையில் எதுவும் மாறாமலே அவர் கைக்கு வரும் தொகை குறையும். 2025 செப்டெம்பர் முதல் ஒவ்வொருவருக்கும் தனித்தனி விகிதம் என்பதே பொது விதி. குடும்பத்தின் மொத்த வரியை அது மாற்றாது. ஆனாலும் குறைவாகச் சம்பாதிப்பவரின் சீட்டில் அது பெரிய வேறுபாடு.

இது நம் ஆண்களின் பிற்போக்கு, படித்த ஐரோப்பாவில் இல்லாத நோய் என்று சிலர் சொல்வார்கள். சுவீடனைப் பாருங்கள். அங்கே நகர மேயராகவோ நாடாளுமன்ற உறுப்பினராகவோ பதவியேற்ற பெண்களின் விவாகரத்து வாய்ப்பு இரட்டிப்பானதை ஒல்லே ஃபோல்கேயும் யோஹானா ரிக்னேயும் 2020-இல் காட்டினார்கள். பதவியேற்ற ஆண்களுக்கு அப்படி நேரவில்லை. மனைவி வயதில் மிக இளையவராகவும், பிள்ளைப்பேற்று விடுப்பின் பெரும்பகுதியை அவரே எடுத்தவராகவும் இருந்த வீடுகளில்தான் முறிவு குவிந்திருந்தது. சொந்தக் காலில் நிற்க முடிந்ததும் அந்தப் பெண்கள் தாங்களே வெளியேறியிருக்கலாமே என்று கேட்கலாம். இருக்கலாம், அப்போதும் தாங்காமல் போனது பழைய ஏற்பாடுதான்.

இன்னொரு பக்கம், மனைவி கொஞ்சம் அடக்கி வாசித்தால் வீடு நிம்மதியாக இருக்குமே என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. சம்பளத்தை மறைப்பதும், தன் பொறுப்பைச் சின்ன வேலைபோலச் சொல்வதும் பழைய ஏற்பாடு இன்னும் அப்படியே இருப்பதாக நடிப்பதுதான். உண்மை தெரியவரும் நாளில் கணவருக்கு அவமானமும் சேர்ந்துகொள்ளும். கணவரின் வாயிலிருந்து வரும் “சந்தோசம்” என்ற சொல்லையும் முழுவதும் நம்பிவிட முடியாது. கேட் ராட்லிஃப், ஷிகேஹிரோ ஓயிஷி இருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், துணையின் வெற்றியை நினைத்த ஆண்கள் தங்களைப் பற்றிக் குறைவாக எதையும் சொல்லவில்லை. மறைமுகச் சோதனையில்தான் அவர்களின் தன்மதிப்பு இறங்கியிருந்தது. ஆகவே சொல்லைவிட நடத்தையைப் பார்ப்பது நல்லது. மனைவியின் வேலை நேரத்தைப் பற்றித் திடீரெனக் குறை சொல்வது, அவரோடு வேலை செய்பவர்களின் விருந்துக்கு வர மறுப்பது, கோவிலில் யாராவது விசாரித்தால் பேச்சை மாற்றுவது.

ஒன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கணவர் உண்மையிலேயே ஒன்றை இழந்திருக்கிறார். ஊரில் படித்த படிப்பு இங்கே செல்லாமல், முதுகுவலியோடு சமையலறையில் நின்று அவர் கட்டிய வீடு அது. அந்த உழைப்பை வீட்டில் யாராவது வாய்திறந்து சொல்ல வேண்டும். அதற்காக மனைவி தன் பதவியை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பதவி உயர்வுக் கடிதம் வந்த வாரமே இருவரும் உட்கார்ந்து வேலைகளை மறுபடி பங்கிட்டுக்கொள்ளுங்கள். வங்கிக் கடிதங்களை யார் பார்ப்பது, ஊருக்கு அனுப்பும் பணத்தில் யார் எவ்வளவு போடுவது, மதிய வேலைக்கும் இரவு வேலைக்கும் இடைப்பட்ட நேரத்தில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் கூட்டிவருவது என்று ஒவ்வொன்றாகப் பேசுங்கள். அந்தப் பேச்சைக் கணவர் தொடங்கினால் இன்னும் நல்லது.