ஆறு மாதக் கோடும் ஆயாக்களின் ஷிப்டும்

1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2011-இல் விழுப்புரம் மாவட்டத்துக்கும் வந்தது. பொம்மையார்பாளையத்துக் குப்பங்களிலிருந்து வடக்கே மரக்காணம் உப்பளங்கள் வரை நீளும் நம் கரையில் ஒரு கைக்குழந்தை ஒப்படைக்கப்பட்டால் அது போகும் வழி நம் வாசகர்களுக்கு மனப்பாடம்: குழந்தைகள் நலக் குழு, சிறப்பு தத்து நிறுவனம், தத்துக்குத் தகுதியான குழந்தை என்ற அறிவிப்பு, பிறகு பெற்றோர். 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெற்றவர் மனம் மாற இரண்டு மாதம். கைவிடப்பட்ட, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் விசாரணை முடிய இரண்டு மாதம். கணக்குப்படி அரை வயதுக்குள் ஒரு வீடு கிடைத்துவிட வேண்டும். காவல் நிலையத்திலிருந்து வரவேண்டிய அறிக்கை, எடை குறைவு என்ற ஒரு வரி மருத்துவக் குறிப்பு, பார்க்க வந்து வேண்டாம் என்று திரும்பும் தம்பதி என்று அந்தக் கணக்கு மாதக்கணக்கில் இழுபடும்.

இழுபடும்போது நம்மிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு நாள் வரை பாதகமில்லை? பயிற்சி வகுப்புகளில் இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. சிலர் ஆறு மாதம் என்பார்கள், சிலர் இரண்டு வயது என்பார்கள். இரண்டும் ருமேனியக் குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வுகளிலிருந்து வந்தவை. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை.

ஆறு மாதம் என்பது மைக்கேல் ரட்டர் தொடங்கிய ஆய்வில் கிடைத்தது. சௌசெஸ்கு ஆட்சி விழுந்தபின் ருமேனிய இல்லங்களிலிருந்து இங்கிலாந்துக் குடும்பங்களுக்குத் தத்துப்போன குழந்தைகளை அது இருபதுகளின் நடுப்பகுதி வரை தொடர்ந்தது. ஆறு மாதத்துக்கு முன் இல்லத்தைவிட்டு வெளியேறியவர்கள், இங்கிலாந்திலேயே பிறந்து தத்தெடுக்கப்பட்டவர்களைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேல் இருந்தவர்களிடம் கவனக்குறைவும் துறுதுறுப்பும், ஆட்டிசம் போன்ற சில இயல்புகளும், அந்நியரிடம் வரம்பில்லாமல் ஒட்டுவதும் வயதான பின்னும் நீடித்தன. இரண்டு வயது என்பது புகாரெஸ்ட் ஆய்வின் எண். சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஸீனா மூவரும் ஆறு இல்லங்களிலிருந்து 136 குழந்தைகளை எடுத்து, சீட்டுக் குலுக்கிப் போட்டதைப்போல் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். ஆய்வு தொடங்கும்போதே அவர்களில் மிகச் சிறிய குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருந்தது. அதனால் ஆறு மாதத்துக்கு முன்னால் என்ன நடக்கும் என்பதைப்பற்றி அந்த ஆய்வால் எதுவும் சொல்ல முடியாது. ஏற்கெனவே தாமதமானவர்களில் யாருக்கு எவ்வளவு மிச்சம் என்பதைத்தான் அது அளந்தது.

அந்த மிச்சமும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் இல்லை. நாலரை வயதில் அறிவுத்திறன் ஈவு இல்லத்திலேயே விடப்பட்டவர்களுக்குச் சராசரி 73, வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களுக்கு 81, வீட்டிலேயே வளர்ந்த உள்ளூர்க் குழந்தைகளுக்கு 109. பாதுகாப்பான பிணைப்பு இதைவிட நன்றாகத் திரும்பியது. வளர்ப்புக் குடும்பத்தில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அது தெரிந்தது. இல்லத்தில் ஐந்தில் ஒருவரைக்கூட எட்டவில்லை. கவனக்குறைவு மட்டும் எந்தக் குடும்பத்துக்குப் போயும் பெரிதாக அசையவில்லை. தத்துக்குப் பின்னான ஆலோசனையில் இதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லாமல் விடுகிறோம். ஏழாவது வயதில் பள்ளியிலிருந்து புகார் வரும்போது, நம் வளர்ப்பில்தான் கோளாறு என்று அவர்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள்.

அந்நியரிடம் ஒட்டுவதையும் இல்லங்களில் தவறாகவே படிக்கிறோம். பார்வையாளர் உள்ளே நுழைந்ததும் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடிவரும் ஒன்றரை வயதுப் பிள்ளையை, "எல்லார்கிட்டயும் நல்லாப் பழகும்" என்று அறிமுகப்படுத்துவார்கள். இயல்பாகக் கலகலப்பான பிள்ளை, புது ஆளிடம் போகும் முன் ஒருமுறை தன் ஆளைத் திரும்பிப் பார்க்கும். இது பார்க்காது. விழுந்து அடிபட்டால் யாரைத் தேடுகிறது, யார் தூக்கினால் அழுகை அடங்குகிறது என்பதையும் கவனியுங்கள். யார் தூக்கினாலும் ஒன்றுதான் என்றாலோ, அழவே இல்லை என்றாலோ, அதை மதிப்பீட்டுத் தாளில் எழுதவேண்டும்.

குடும்பத்துக்கு அனுப்பிவிட்டால் எல்லாம் சரி என்ற எண்ணத்தையும் ஒரு பழைய ஆய்வு கலைக்கிறது. பார்பரா டிஸார்டும் ஜில் ஹாட்ஜஸும் லண்டன் குழந்தை இல்லங்களில் வளர்ந்தவர்களைப் பதினாறு வயதுவரை பார்த்தார்கள். தத்துப்போனவர்கள் பெரும்பாலும் பெற்றோருடன் நெருக்கமாக இருந்தார்கள். பெற்ற தாயிடமே திருப்பி அனுப்பப்பட்டவர்களிடம் அந்த நெருக்கம் குறைவு. தத்தெடுத்தவர்கள் அந்தக் குழந்தைக்காகக் காத்திருந்தவர்கள். திரும்பப் பெற்ற தாய்மார் பலர் வறுமையிலும், வேறு சிறு பிள்ளைகளுக்கு நடுவிலும் இருந்தார்கள். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை நின்று, கூலிக்காக வெளியூர் போகும் ஒரு தாய் தன் பிள்ளையைத் திரும்பக் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கொடுக்கத்தான் வேண்டும், சட்டமும் நியாயமும் அதுதான். ஆனால் நிதி ஆதரவும், முதல் ஆறு மாதம் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதும் இல்லாமல் ஃபைலை மூடினால், அந்த லண்டன் முடிவை நாமே இங்கே மறுபடி உண்டாக்குகிறோம். (வளர்ப்புப் பராமரிப்பு என்ற நடுவழி நம் நாட்டில் பெரும்பாலும் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே வகுக்கப்பட்டிருக்கிறது. புகாரெஸ்ட்டில் அது பலன் தந்த வயதையே நம் விதி விட்டுவிட்டது என்பது என் மனக்குறை.)

காத்திருக்கும் மாதங்களில் என்ன செய்யலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு விடை உண்டு. டெல்லியில் ஜேக்கப் புலியேல் குழுவினர் ஓர் அனாதை இல்லத்துச் சிறு குழந்தைகளுக்குத் தினம் 90 நிமிடம் முறையான விளையாட்டு தந்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றே மாதத்தில் உடலசைவிலும் பேச்சிலும் பழக்கத்திலும் குழந்தைகள் முன்னேறியிருந்தார்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடந்த ஆய்வு இன்னொரு படி மேலே போனது. ஓர் இல்லத்தில் பணியாளருக்குப் பயிற்சி மட்டும். இன்னொன்றில் பயிற்சியோடு குழுவைச் சிறிதாக்கி, ஒரு குழந்தைக்கு ஒருசில நிலையான கைகள். இரண்டாவது இல்லத்தில்தான் பெரிய மாற்றம் வந்தது. உயரமும் எடையும்கூட ஏறின, உணவு மாறாமலே.

நம் சிறப்பு தத்து நிறுவனத்தில் பத்துக் குழந்தைக்கு ஆறு ஆயா என்பது கணக்கு. மூன்று ஷிப்ட், ஷிப்டுக்கு இருவர், வாரம் ஒருமுறை சுழற்சி என்றால் ஒவ்வொரு பிள்ளையும் ஆறு கைகள் மாறுகிறது. அதே ஆறு பேரை வைத்துக்கொண்டு பிள்ளைகளை ஐந்து ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொரு ஐந்துக்கும் மூன்று ஆயாக்களை ஒதுக்குங்கள். இரவு வேலைச் சுழற்சி அந்த மூவருக்குள்ளேயே நடக்கட்டும், யாருக்கும் மனத்தாங்கல் வராது. ஒருவருக்கு விடுப்பு என்றால் அடுத்த குழுவிலிருந்து எப்போதும் அதே ஒருவர் வரட்டும். குளிப்பாட்டுவதும் முதல் பால் புகட்டுவதும் அந்தந்த ஷிப்டில் இருக்கும் தன் ஆயாதான். கூடுதல் செலவு எதுவும் இல்லை.

இதற்கு மேற்பார்வையாளர்கள் சொல்லும் தடை எனக்குத் தெரியும்: "ஒட்டிக்கிட்டா, தத்துக் குடுக்கும்போது அழுது ஊரைக் கூட்டிடும்." அழட்டும். ஒருவரிடம் ஒட்டத் தெரிந்த பிள்ளைக்கு அடுத்தவரிடம் ஒட்டுவது எளிது. யாரிடமும் ஒட்டாமல் போன பிள்ளைதான் புது வீட்டில் பல மாதம் திணறுகிறது. தத்தெடுக்கும் பெற்றோர் முதலில் வரும் சில நாட்களில் அந்த ஆயாவையும் கூடவே உட்கார வையுங்கள். எந்தப் பாட்டுக்குத் தூங்கும், சோறு எவ்வளவு குழைந்திருக்கவேண்டும், காய்ச்சல் வந்தால் எந்தப் பக்கம் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை அவரே தாய்க்குச் சொல்லிக் கொடுக்கட்டும். சமூகப் பணியாளர் அதை எழுதி ஃபைலில் சேர்க்கட்டும்.