சாவுகிராக்கி யார்?

சில வாரங்களுக்கு முன் கோவளத்தில் ஒரு நிக்காஹ் விருந்து. தமீம் அன்சாரி அவர்களின் தர்காவுக்கு வந்திருந்த உறவினர் சிலரும் அங்கே கூடியிருந்தனர். பேச்சு எங்கெங்கோ சுற்றி, வீடுதேடி உணவு கொண்டுவரும் இளைஞர்களிடம் வந்து நின்றது. நெம்மேலிப் பக்கம் கடற்கரை ஓரமாக வீடு கட்டியிருக்கும் ஹாஜியார் ஒருவர் மிகவும் வருந்திச் சொன்னார்: “காசு கொடுத்து வாங்கும் நம்மை இந்தப் பையன்கள் ‘சாவுகிராக்கி’ என்கிறார்கள். என் வீட்டு வாசலில் நின்று போனில் பேசியதை என் காதாலேயே கேட்டேன். பட்டப்பெயர் சூட்டாதீர் என்று திருமறை விலக்கியிருக்கிறதே! இவர்களை யார் திருத்துவது?”

அவையில் பலர் தலையசைத்தனர். நான் அசைக்கவில்லை. அன்று விருந்துவீட்டில் மறுத்துரைப்பது மரியாதையன்று என்று வாளாவிருந்தேன். இன்று எழுதுகிறேன். ஹாஜியார் காதில் விழுந்த அச்சொல் பண்பாட்டுக் கேடு அன்று. அது ஒரு கூலிக் கணக்கு. அந்தக் கணக்கில் பிழை நம் பக்கம் இருக்கிறது என்பதே என் வாதம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். கிராக்கி என்றால் விலையேற்றம் என்பது ஒரு பொருள். சென்னையில் வண்டி இழுத்தவர்களிடையே அதற்கு வாடிக்கையாளர், சவாரிக்கு வந்த ஆள் என்பது மற்றொரு பொருள். அதனோடு ‘சாவு’ சேர்ந்து வசையாயிற்று. கூலியைக் குறைத்து உயிரை எடுக்கும் சவாரிக்கும், வண்டியின் குறுக்கே வந்து விழும் பாதசாரிக்கும் அது பொதுப்பெயர். தமிழகத்தில் மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்சா 1973ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. ரிக்சா போயிற்று, சொல் போகவில்லை. ஆட்டோவில் ஏறி, இப்போது முதுகில் பெட்டி சுமக்கும் இருசக்கர வண்டிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ரிக்சாக்காரர் அச்சொல்லைச் சவாரியின் முகத்துக்கு நேரே சொன்னார். பேரம் படியவில்லை என்றால் திட்டிவிட்டு அடுத்த சவாரியைத் தேடிப் போனார். இன்றைய இளைஞர் முகத்துக்கு நேரே ‘நன்றி சார், அஞ்சு ஸ்டார் போடுங்க சார்’ என்கிறார். வாசலைத் தாண்டிய பின்னரே வாய் திறக்கிறார். நேரே சொன்ன சொல் ஏன் முதுகுக்குப் பின்னால் போயிற்று? ரிக்சாக்காரரை விட இவர் கோழையா? இதற்கு விடை தேடித்தான் நெம்மேலிக்குப் போனேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இருக்கும் அந்த ஊரில், சாலையோரத் தேநீர்க் கடை ஒன்றில் மாலை நேரத்தில் இவர்கள் நான்கைந்து பேர் கூடுவது வழக்கம். இரண்டு மாலை அவர்களோடு உட்கார்ந்தேன். நான் கேட்ட சொற்களில் மூன்றைச் சொல்கிறேன். வாசலில் நெடுநேரம் நிறுத்தி வைப்பவர் ‘சாவுகிராக்கி’. வழியெல்லாம் போன் செய்து எங்கே எங்கே என்று கேட்பவரும், வரைபடத்தில் ஓரிடத்தைக் குறித்துவிட்டு வேறிடத்தில் இருப்பவரும் ‘டார்ச்சர் பார்ட்டி’. தூரம் மிகுந்து காசு குறைந்த வேலை ‘மொக்கை ஆர்டர்’. 

கேட்ட சொற்களுள் ஒன்றுகூட ஒருவரின் சாதியையோ சமயத்தையோ உடல் தோற்றத்தையோ குறிப்பதாக இல்லை. எல்லாம் நேரத்தையும் தூரத்தையும் குறிப்பவை. அளவுகோலில் கோடுகள் இருப்பதைப் போல, ஊதியமில்லாத ஒவ்வொரு நிமிடத்துக்கும் இவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

அவர்களில் ஒருவர் அன்று காலை தாம் செய்த ஒரு வேலையின் கணக்கைச் சொன்னார். கோவளத்தில் ஓர் உணவகம். நெம்மேலிக்கு அப்பால் கடற்கரை வீடு. தூரம் 9 கிலோமீட்டர். உணவு தயாராகும்வரை கடைவாசலில் 18 நிமிடம். சாலையில் 20 நிமிடம். வளாகத்தின் வாயிற்காவலர் பெயர் எழுதி, வீட்டுக்கு இண்டர்காமில் கேட்டு, வீட்டார் எடுக்காமல், மீண்டும் கேட்டு உள்ளே விட 12 நிமிடம். உணவகங்கள் கோவளத்தில் இருப்பதால் வெறும் வண்டியோடு திரும்ப மீண்டும் 20 நிமிடம். ஆக 70 நிமிடம், 18 கிலோமீட்டர். கிடைத்தது 70 ரூபாய். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் அவருடைய பழைய வண்டிக்கு இதில் பெட்ரோல் மட்டும் 40 ரூபாய். மீதி 30 ரூபாய். டயர் தேய்மானமும் எண்ணெயும் போன் கட்டணமும் அந்த முப்பதுக்குள்தான்.

“பாய், ரோட்டில் ஓடுகிற நேரத்துக்குக்கூட வருத்தமில்லை. அந்தப் பன்னிரண்டு நிமிஷம்தான் வயிற்றெரிச்சல். உள்ளே ஏசியில் இருக்கிறவர் போனை எடுத்து ‘விடுங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எடுக்கவில்லை. அதற்குள் அடுத்த ஆர்டர் வேறு பையனுக்குப் போய்விட்டது” என்றார் அவர்.

“அதை அவரிடமே சொல்லியிருக்கலாமே, தம்பி?” என்றேன். மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். “சொன்னால் ஒன் ஸ்டார். நாலு ஒன் ஸ்டார் விழுந்தால் ஆர்டர் குறையும். ஒரு கம்ப்ளெயின்ட் போனால் ஐடி பிளாக்” என்றார் இன்னொருவர்.

ஐடி என்பது அவருடைய வேலைக்கான அடையாள எண். அது முடங்கினால் மறுநாள் காலையில் கைப்பேசியில் வேலை திறக்காது. விசாரணை இல்லை, எதிரில் உட்கார்ந்து கேட்கும் மேலாளரும் இல்லை. ரிக்சாக்காரருக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு துணிவில் இல்லை, இங்கே இருக்கிறது. நம் கையில் ஐந்து நட்சத்திரங்களைக் கொடுத்து, சம்பளமில்லாத கங்காணிகளாக நம்மை நியமித்திருக்கிறார்கள். தோட்டத்துக் கங்காணிக்காவது தொழிலாளியின் பெயரும் ஊரும் தெரிந்திருந்தன. நாமோ கடைக்காரர் சாம்பாரைச் சிந்தினாலும், மழை பெய்து சாலையில் நீர் தேங்கினாலும், கொண்டுவந்தவரின் கணக்கில் ஒரு நட்சத்திரத்தை இட்டுவிட்டு உண்ண உட்கார்கிறோம். எதிரே சொல்ல வழியில்லாத சொல், தேநீர்க் கடையில் வசையாக வெளிவருகிறது.

இது வெறும் வயிற்றெரிச்சலோடு நின்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். 2024 செப்டம்பரில் சென்னையில், கல்லூரியில் பயின்றுகொண்டே வீடுகளுக்குப் பொருள் கொண்டுசேர்த்து வந்த 19 வயது இளைஞர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். தாமதத்துக்காக ஒரு வீட்டில் கடிந்துரைக்கப்பட்டதும், அவர்மேல் புகார் போனதும், கோபத்தில் அவ்வீட்டின்மேல் அவர் கல்லெறிந்ததும் செய்தித்தாள்களில் வந்தன. ஒரு சாவுக்கு ஒரே காரணம் என்று யாரும் தீர்ப்பெழுத முடியாது. கல்லெறிந்தது சரியென்றும் நான் சொல்லவில்லை. ஆனால் தேநீர்க் கடையில் நண்பர்களோடு சேர்ந்து ‘சாவுகிராக்கி’ என்று திட்டிச் சிரித்துவிட்டுப் போகிறவரைப் பற்றி நான் அஞ்சுவதில்லை. யாரிடமும் சொல்லாமல் விழுங்கிக்கொள்கிறவரைப் பற்றியே அஞ்சுகிறேன். கூடிப் பேசும் வசை, சுமையை இறக்கிவைக்கும் சுமைதாங்கிக் கல். அதைப் பிடுங்கி எறிவதற்குமுன் சுமையைக் குறைத்தோமா என்று கேட்க வேண்டாமா?

இனி ஹாஜியாரின் மார்க்க வாதத்துக்கு வருகிறேன். பட்டப்பெயர் சூட்டலை ஹுஜுராத் அத்தியாயம் விலக்குகிறது, மறுப்பில்லை. ஆனால் அதே திருமறையில் நிஸா அத்தியாயத்தின் 148ஆம் வசனமும் இருக்கிறது. தீய சொல்லை உரக்கச் சொல்வதை அல்லாஹ் விரும்புவதில்லை என்று கூறிவிட்டு, அநீதிக்கு ஆளானவருக்கு அது விலக்களிக்கிறது. அந்த விலக்கு வசைபாட உரிமைச் சீட்டு அன்று. பொய்யுரைக்கவும் அது இடம் தராது. தனக்கு இழைக்கப்பட்டதை ஒருவர் வாய்விட்டுச் சொல்வதற்கான இடம் அது. அளவையில் மோசடி செய்வோர்க்குக் கேடு என்று தொடங்கும் முதஃப்பிஃபீன் அத்தியாயத்தையும் ஹாஜியார் ஓதியிருப்பார். தமக்கு வாங்கும்போது நிறைய அளந்து, பிறர்க்குக் கொடுக்கும்போது குறைப்பவரை அது கண்டிக்கிறது. உணவு ஐந்து நிமிடம் பிந்தினால் பொறுக்காத நாம், அதே மனிதரின் பன்னிரண்டு நிமிடத்தை வாயிலில் வீணாக்குகிறோமே, இது எந்த அளவை?

வசையையும் வேலைச் சுமையையும் ஒருசேரப் பேசும் நபிமொழி ஒன்று புகாரியில் பதிவாகியிருக்கிறது. அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்துப் பேசிவிட்டார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், உம்மிடம் அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் இருக்கிறது என்று கண்டித்தார்கள். அத்துடன் நில்லாமல், உங்களுக்காக உழைப்போர் உங்கள் சகோதரர்கள், அவர்களால் இயலாத சுமையை ஏற்றாதீர், ஏற்றினால் நீங்களும் கைகொடுங்கள் என்று அறிவுறுத்தினார்கள். அங்கே நாவை அடக்கச் சொல்லப்பட்டவர் உழைப்பவர் அல்லர். அவர்மேல் அதிகாரம் கொண்டவர். நாமோ அந்தப் போதனையைத் தலைகீழாக்கி, உழைப்பவரின் நாவை அடக்கப் பார்க்கிறோம்.

நமக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. 2019 ஜூலையில் ஜபல்பூரில் ஒருவர், உணவு கொண்டுவருபவர் முஸ்லிம் என்று அறிந்து ஆளை மாற்றச் சொன்னார். ஸொமேட்டோ நிறுவனம் மாற்ற மறுத்தது. உணவுக்கு மதமில்லை என்றது. அன்று நாடெங்கும் நாம் கொதித்தோம், கொதித்தது நியாயமே. வாடிக்கையாளரின் கையில் இருக்கும் பொத்தானுக்கு எவ்வளவு அதிகாரம் என்பதை அன்று நம் பிள்ளைக்காக உணர்ந்தோம். அதே பொத்தானை நெம்மேலியில் நாம் அழுத்தும்போது மட்டும் அது ஏன் மறந்துபோகிறது?

அந்த இளைஞர்களில் குற்றமே இல்லையா என்பீர்கள். உண்டு. தவறான பாதையில் பாய்ந்து வருவோர் உண்டு. பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டு வாசலில் மரியாதை தவறுவோரும் உண்டு. அவர்கள்மேல் புகார் செய்வது நம் உரிமை. ஆனால் புகாரை விசாரிக்க ஆள் வேண்டும். தமிழக அரசு 2023இல் இவர்களுக்கென நலவாரியம் அமைத்தது, நல்லதே. ஆயினும் நல உதவி வேறு, நட்சத்திரத் தீர்ப்பை எதிர்த்து முறையிடும் இடம் வேறு. கர்நாடகம் 2025இல் இயற்றிய சட்டம், காரணம் சொல்லி 14 நாள் முன்னறிவிப்புக் கொடுக்காமல் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. அது இங்கும் வரவேண்டும் என்று கேட்பது நம் கடமை.

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். ஆர்டர் செய்யும்போதே வாயிற்காவலரிடம் சொல்லிவைப்போம். வரைபடத்தில் நம் வாசலைச் சரியாகக் குறிப்போம். போன் ஒலித்தால் எடுப்போம். சமைத்தவரின் பிழைக்குச் சுமந்தவரின் நட்சத்திரத்தைக் குறைக்காதிருப்போம்.

ஹாஜியாருக்கு என் பணிவான வேண்டுகோள் இதுதான்: அடுத்த முறை வாசலில் அச்சொல் காதில் விழுந்தால், சொன்னவரின் முகத்தைப் பார்க்குமுன் கடிகாரத்தைப் பாருங்கள். அவர் வந்து எத்தனை நிமிடம் ஆயிற்று என்று எண்ணுங்கள். பிறகு சொல்லுங்கள், அந்தப் பெயர் யாருக்குப் பொருந்துகிறது என்று.